ஒட்டு ஏன் பிடிக்கவில்லை? கட்டை அவிழ்த்துப் பார்த்தால் தெரியும்

ஒட்டுக் கட்டும் செய்முறைத் தேர்வில் ஒரு சிக்கல் உண்டு. ஒட்டு பிடித்ததா இல்லையா என்று தெரிய மூன்று வாரமாகும். தேர்வாளருக்கு இருப்பதோ அரை மணி நேரம். அதனால் அவர் நீங்கள் கட்டிய நாடாவை அவிழ்த்து உள்ளே பார்க்கிறார். பக்கத்தில் ஏற்கெனவே காய்ந்துபோன ஒட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, "இது ஏன் போச்சு?" என்று கேட்பவர்களும் உண்டு. நாற்றங்காலில் பல வருடம் ஒட்டுக் கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த இரண்டாவது கேள்விதான் ஆளை எடைபோடும் கேள்வி. முறைகளின் பெயரையும் அளவையும் மனப்பாடம் செய்துவிடலாம். செத்த ஒட்டைப் பார்த்துக் காரணம் சொல்ல, முறைகளுக்குள் உள்ள வித்தியாசம் புரிந்திருக்க வேண்டும்.

அந்த வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கேம்பியம் என்ற மெல்லிய வளரும் அடுக்கு இருக்கிறது. மாவில் ஆப்பு சீவிச் செருகும் இளந்தண்டு ஒட்டில், இரண்டு செடிகளின் கேம்பியமும் சந்திப்பது ஓரத்தில் ஓடும் கோடுகளில் மட்டும்தான். நடுவில் எவ்வளவு கட்டை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. சாத்துக்குடியில் செய்யும் டி-வடிவ மொட்டு கட்டுதலிலும், நெல்லியில் செய்யும் பேட்ச் பட்டிங்கிலும் பட்டையையே உரித்து வைக்கிறோம். அங்கே வைக்கும் துண்டின் உள்பக்கம் முழுவதும், கீழே வேரோடு நிற்கும் வேர்ச்செடியின் உரிந்த பரப்பில் படிகிறது. சப்போட்டாவில் செய்யும் நெருக்கு ஒட்டு இன்னொரு வகை. அதில் ஒட்டும் கிளை கூடும்வரை தாய்மரத்தை விட்டுப் பிரிவதே இல்லை.

ஆக, ஆப்பு ஒட்டில் கத்திதான் எல்லாம். மொட்டு ஒட்டில் பட்டை உரியும் பருவம்தான் எல்லாம். நெருக்கு ஒட்டில் பிரிக்கும் நேரம்தான் எல்லாம். கீழே வரும் அறிகுறிகளில் பலவற்றில் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

மேசையிலேயே தெரிவது: ஆப்பைப் பொருத்திப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது

மா ஒட்டில் அதிகம் பார்க்கும் தவறு இது. வேர்ச்செடியின் நடுவில் 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளந்து, அதே நீளத்துக்கு ஒட்டுக்குச்சியின் அடியை இரு பக்கமும் சீவி ஆப்பாக்கிச் செருகுகிறோம். செருகியதும் நாடா சுற்றுவதற்கு முன் விரலால் அழுத்திப் பிடித்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் ஆப்பின் முகம் தட்டையாக இல்லை.

காரணம் பெரும்பாலும் பென்சில் சீவுவதுபோல நாலைந்து வெட்டில் சீவியதுதான். ஒவ்வொரு வெட்டும் ஒரு மேடு விடும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் சீவ வேண்டும். மணிக்கட்டு அசையக் கூடாது, கை முழுவதும் பின்னால் வர வேண்டும். சரியாக வரவில்லை என்றால் அதே முகத்தைத் திருப்பித் திருப்பிச் சுரண்டாதீர்கள். குச்சியில் இன்னும் நீளம் இருந்தால் அடியை நறுக்கிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளக் குச்சி எடுப்பதில் இந்தச் சௌகரியமும் இருக்கிறது.

குச்சி மெலிசாகவும் வேர்ச்செடி பருமனாகவும் இருந்தால் இன்னொரு தவறு நடக்கும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று குச்சியை நடுவில் வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால் இரண்டு பக்கமும் கேம்பியம் சந்திக்காது. ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்து, அந்த ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை சேரும்படி பார்க்க வேண்டும். "ஏன் கோணலாக வைத்திருக்கிறாய்?" என்று தேர்வாளர் கேட்பார். அது உங்களைச் சோதிக்கக் கேட்பது, தயங்காமல் காரணத்தைச் சொல்லுங்கள்.

டி-வெட்டுப் போட்டதும் பட்டை உரியாமல் பிய்கிறது

வேர்ச்செடியில் தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் 2.5 சென்டிமீட்டர் அளவுக்குச் செங்குத்தாக ஒரு கீறல், அதன் தலையில் குறுக்காக ஒன்று. கத்தியின் பின்புற எலும்பு முனையால் ஓரத்தைத் தூக்கினால் பட்டை ஈரமாக, வழுக்கிக்கொண்டு வர வேண்டும். உள்ளே கட்டை பளபளவென்று வெள்ளையாகத் தெரிய வேண்டும். அதற்குப் பதிலாகப் பட்டை நார் நாராகக் கிழிந்து, கட்டையின் மேல் பச்சைத் திட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் செடியில் சாறு ஓட்டம் இல்லை.

இங்கே கத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. செடி தண்ணீர் இல்லாமல் காய்ந்திருக்கும், அல்லது துளிர் விட்டு முடித்து ஓய்வில் இருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே நன்றாகத் தண்ணீர் விட்டு வந்தால் பல சமயம் சரியாகும். தேர்வு மேசையில் அதற்கு வழியில்லை. நான் என் பிள்ளைகளுக்குச் சொல்வது: முதலில் ஓரத்தில் சிறிதாகக் கீறிச் சோதித்துப் பாருங்கள், உரியவில்லை என்றால் தேர்வாளரிடமே "பட்டை கழலவில்லை, வேறு செடி வேண்டும்" என்று கேளுங்கள். கேட்பதால் மதிப்பெண் குறையாது. வேறு செடி இல்லை என்றால் சிப் பட்டிங் செய்யலாம். கட்டையோடு சேர்த்து ஒரு சில்லை வெட்டி எடுத்து, அதே அளவு வெட்டில் பொருத்துவது. பட்டை உரிய வேண்டிய தேவையே இல்லாத மொட்டு ஒட்டு அது. ஆனால் கேம்பியம் மறுபடி ஓரக் கோட்டில் மட்டுமே சந்திக்கும். அதாவது மீண்டும் கத்திக்கே வந்து நிற்கிறோம்.

பேட்ச் பட்டிங்கில் பட்டை நன்றாக உரிந்தும் தோற்பது உண்டு. நெல்லி வேர்ச்செடியின் பட்டை தடிமனாக இருக்கும். இளங்கிளையிலிருந்து எடுத்த, கண் எனும் மொட்டு உள்ள துண்டு மெலிசாக இருக்கும். பள்ளத்துக்குள் வைத்ததுபோல அது தாழ்ந்து உட்கார்ந்துவிடும். மேலே நாடா சுற்றினால் நாடா சுற்றுப் பட்டையைத்தான் அழுத்துமே தவிரத் துண்டைத் தொடாது. விரலால் தடவினால் படி இறங்குவது தெரியும். சுற்றிலும் உள்ள வேர்ச்செடிப் பட்டையைக் கத்தியால் லேசாகச் சீவிச் சமமாக்கிவிட்டுக் கட்ட வேண்டும்.

பத்து நாளில் குச்சி சுருங்கிக் காய்ந்தது, துளிரே வரவில்லை

இனி மூன்று வாரம் கழித்துப் பார்க்கும் அறிகுறிகள். துளிர்க்காமலே காய்ந்தால் குச்சியில் ஈரம் தாங்கவில்லை என்று பொருள். வெட்டியெடுத்த குச்சிக்கு வேரில்லை. வெட்டுக் காயத்தை மூடும் காலஸ் திசு இரு பக்கமும் வளர்ந்து சந்தித்து, அதற்குள் புதுக் கேம்பியம் உருவாகும்வரை கையிருப்பு ஈரத்தில்தான் அது உயிர் வாழ வேண்டும்.

முதலில் குச்சி எப்படித் தயாரானது என்று பாருங்கள். மாவில் 3, 4 மாத வயதுள்ள நுனிக் கிளையில், வெட்டுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே இலைப் பரப்பை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விடுகிறோம். அந்த நாட்களில் காம்புகள் உதிரும், நுனி மொட்டு பருக்கும். அந்த நிலையில் எடுத்தால்தான் குச்சியில் சேமிப்பு இருக்கும். இலையோடு வெட்டி வந்து மேசையில் வைத்து இலையைப் பிய்த்த குச்சியில், காம்பு இருந்த இடமெல்லாம் பச்சைப் புண்ணாக இருக்கும். மொட்டு தட்டையாக இருக்கும். கட்டும்போதே அதன் கதை முடிந்துவிடுகிறது.

அடுத்து, கட்டிய பிறகு பாலித்தீன் உறை மாட்டினார்களா என்று பார்க்க வேண்டும். 2 சென்டிமீட்டர் அகல நாடா சந்திப்பை மட்டும்தான் காக்கும். மேலே நிற்கும் குச்சியை உறைதான் காக்கும்.

துளிர்த்தது, இரண்டு இலை விட்டது, அப்புறம் வாடியது

மாணவர்களை அதிகம் குழப்பும் அறிகுறி இதுதான். துளிர்த்தால் பிடித்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள். துளிர் வந்தது குச்சியின் சொந்தச் சேமிப்பில். வேர்ச்செடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வராமலே இரண்டு இலை விரிய முடியும். விரிந்த இலை ஈரத்தை ஆவியாக்கத் தொடங்கியதும் கையிருப்பு தீர்ந்து தலை தொங்கிவிடும். ஆகவே முதல் துளிர் விரிந்து, இலை கெட்டிப்பட்டு, பச்சையான பிறகுதான் எண்ணிக்கை எடுக்க வேண்டும்.

பன்னிரண்டு ஒட்டு, மூன்று செடி: ஒரு மாணவியின் தட்டு

ஒரு வருடம் தேர்வுக்கு முந்தைய பயிற்சியில் ஒரு மாணவி மாவில் 12 இளந்தண்டு ஒட்டுக் கட்டினாள். கட்டிய வரிசையிலேயே 1 முதல் 12 வரை எண் எழுதிய சீட்டு மாட்டியிருந்தாள். அந்த ஒரு நல்ல பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. 21 நாள் கழித்துப் பார்த்தால் 1, 2, 3 நன்றாக இருந்தன. 4, 6, 7 துளிர்த்து வாடியிருந்தன. 5, 9 கறுத்திருந்தன. 8, 10, 11, 12 துளிர்க்காமலே காய்ந்திருந்தன.

"ராசியில்லை சார்" என்றாள். வாடிய, கறுத்த, காய்ந்த ஒன்பதையும் அவிழ்த்தோம்.

முதலில் காய்ந்த நாலு. ஆப்பு நன்றாகத்தான் சீவப்பட்டிருந்தது. ஆனால் குச்சியை நகத்தால் கீறினால் உள்ளே பழுப்பு. தோல் முழுவதும் நீளவாக்கில் சுருக்கம். வேர்ச்செடிப் பிளவின் ஓரத்திலோ வெள்ளை நிறக் காலஸ் பொங்கியிருந்தது. வேர்ச்செடி தன் வேலையைச் செய்திருக்கிறது, எதிரில் உயிரோடு ஆள் இல்லை. விசாரித்தால், 12 குச்சியையும் காலை எட்டு மணிக்கே வெட்டி மேசையில் வைத்திருக்கிறாள். கடைசி ஒட்டைக் கட்டும்போது மதியம் ஆகிவிட்டது. ஈரச் சாக்கிலோ ஈரத் துணியிலோ சுற்றி வைக்கவில்லை. கடைசி எண்கள் போனது அதனால்தான்.

அடுத்து வாடிய மூன்று. இவற்றை இழுத்துப் பார்த்ததும் ஆப்பின் நுனியில் மட்டும் லேசாக ஒட்டியிருந்தது. மேல் பாதி சுத்தமாக விலகி, உலர்ந்து இருந்தது. ஆப்பின் முகம் உள்வாங்கி வளைந்திருந்தது. நாலாவது செடியிலிருந்து கத்தி மழுங்கத் தொடங்கியிருக்கிறது. மழுங்கிய கத்தி நேராக வெட்டாது, கட்டைக்குள் இறங்கி எழும். மாம்பாலும் கத்தியில் படிந்துபோயிருந்தது. அப்படியானால் 8, 10, 11, 12-இல் ஆப்பு எப்படி நன்றாக இருந்தது? ஏழாவதற்குப் பிறகு தோழியின் கத்தியை வாங்கினாளாம்! சீட்டு எண் இல்லையென்றால் இதை நாங்கள் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

கறுத்த இரண்டில் உறைக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. உறையின் வாயைத் தளர்வாகக் கட்டிவிட்டு மேலிருந்து பூவாளியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். வெட்டுக்குள் நீர் இறங்கி அழுகல் பூஞ்சணம் பிடித்துவிட்டது. சந்திப்பிலிருந்து கறுப்பு கீழ்நோக்கி வேர்ச்செடிக்குள்ளும் போயிருந்தது. காய்ந்த ஒட்டுக்கும் கறுத்த ஒட்டுக்கும் வித்தியாசம் அதுதான்: காய்ந்ததில் வேர்ச்செடி ஆரோக்கியமாக இருக்கும், அதைக் கீழே வெட்டி மறுபடி ஒட்டலாம். கறுத்ததில் நல்ல வெள்ளைக் கட்டை தெரியும்வரை வெட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆக ராசி ஒன்றும் இல்லை. ஒரே தட்டில் மூன்று தனித்தனித் தவறுகள் இருந்தன. மறு வாரம் அதே மாணவி மூன்று மூன்று குச்சியாக வெட்டிவந்து, ஒவ்வொரு முறையும் கத்தியைத் துடைத்துத் தீட்டிக் கட்டினாள்.

மொட்டு பச்சையாகவே இருக்கிறது, துளிர்க்கவில்லை

மொட்டு ஒட்டில் வரும் தனி நோய் இது. முதலில் பிடித்ததா என்று பார்க்க எளிய வழி, கண்ணோடு விட்டுவைத்த இலைக்காம்பு. எடுத்துச் செருகும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடியாகவும் அது உதவுகிறது. இரண்டு வாரம் கழித்து விரலால் லேசாகத் தொட்டதும் காம்பு பழுத்து உதிர்ந்தால் கண் உயிரோடு இருக்கிறது. உயிருள்ள திசுதான் காம்பை உதிர்க்கும். காம்பு கறுத்துச் சுருங்கி, இழுத்தாலும் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கண் செத்துவிட்டது. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்பார்கள்.

காம்பு உதிர்ந்தும் துளிர் வராவிட்டால் முதல் சந்தேகம் வேர்ச்செடியின் தலை. ஆப்பு ஒட்டில் கட்டும்போதே தலை போய்விடுகிறது. மொட்டு ஒட்டில் கூடிய பிறகுதான் கண்ணுக்கு மேலே வெட்டுகிறோம். மேலே நுனி ஓங்கி வளர்ந்துகொண்டிருந்தால் அது பக்க மொட்டுகளை அடக்கிவைக்கும். 3 வாரம் கழித்து வேர்ச்செடியைக் கண்ணுக்கு மேலே வெட்டிவிட்டால், அல்லது பாதி வெட்டி மடக்கிவிட்டால் கண் விழிக்கும்.

தலையை வெட்டியும் விழிக்கவில்லையா? அப்படியானால் அது குருட்டுக் கண். கண்ணைக் கேடய வடிவில் சீவி எடுத்த பிறகு பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய கட்டைச் சில்லை நீக்குவார்கள். அதை நேராகப் பிடுங்கினால் கண்ணின் உள்முளையும் சேர்ந்து வந்துவிடும். பட்டையைத் திருப்பிப் பாருங்கள்: கண் இருக்கும் இடத்துக்குப் பின்னால் குண்டூசித் தலை அளவுக்குக் குழி தெரிந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். வைத்தால் பட்டை ஒட்டிக்கொள்ளும், வருடக்கணக்கில் பச்சையாகவே இருக்கும், துளிர் மட்டும் வராது. சில்லைப் பக்கவாட்டில் நெம்பி எடுத்தால் குழி விழாது. தேர்வு மேசையில் கண்ணைச் செருகும் முன் இப்படித் திருப்பிப் பார்ப்பவரைத் தேர்வாளர் கவனிப்பார்.

மழை அதிகமுள்ள இடத்தில் டி-வெட்டின் வாய் வழியே நீர் இறங்கி அழுகும். அதற்காக டி-யைத் தலைகீழாகப் போட்டுக் கண்ணைக் கீழிருந்து மேலே தள்ளும் முறை உண்டு. வெட்டுத்தான் தலைகீழ், கண் அல்ல! கண்ணைக் கவிழ்த்து வைத்தாலும் கூடும். தளிர் கீழ்நோக்கிக் கிளம்பி வளைந்து மேலே வரும். அந்த வளைந்த கழுத்தைப் பார்த்தால் காரணம் உடனே தெரிந்துவிடும்.

சப்போட்டா ஒட்டு மரத்திலிருந்து பிரித்த மறுநாளே வாடுகிறது

சப்போட்டாவுக்கு வேர்ச்செடியாகும் பாலா நாற்றைத் தொட்டியோடு தாய்மரக் கிளைக்கு அருகில் தூக்கி வைத்து, இரண்டிலும் 5 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டையோடு கொஞ்சம் கட்டையையும் சீவி, முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டுவது நெருக்கு ஒட்டு. கிளைக்குத் தாய்மரத்துச் சாப்பாடு கிடைத்துக்கொண்டே இருப்பதால், சீவல் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மன்னித்துவிடும். அதனாலேயே உள்ளே கூடாதபோதும் வெளியே எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். பிரிக்கும் நாளில்தான் உண்மை வெளிவரும்.

கூட 2 முதல் 3 மாதமாகும். ஒரே வெட்டில் பிரிக்காமல், சந்திப்புக்குக் கீழே தாய்க்கிளையில் முதலில் பாதி ஆழத்துக்கு வெட்டுங்கள். ஒரு வாரத்தில் நுனி இலைகள் தொங்கினால் இன்னும் கூடவில்லை. வெட்டியதோடு நிறுத்தி மேலும் சில வாரம் காத்திருங்கள். தொங்காமல் நின்றால் மீதியையும் வெட்டலாம். வேர்ச்செடியின் தலையைச் சந்திப்புக்கு மேலேதான் வெட்ட வேண்டும், தாய்க்கிளையைச் சந்திப்புக்குக் கீழே. பதற்றத்தில் இதை மாற்றி வெட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வெட்டினால் தாய்மரத்தில் ஒரு பாலாத் தலையும், தொட்டியில் ஒரு மொட்டைக் குச்சியும் மிஞ்சும்.

சந்திப்பு உப்பியிருக்கிறது, அல்லது கீழிருந்து துளிர் வருகிறது

நாடாவை எடுக்க மறந்தால் தண்டு பருக்கும்போது அது இறுக்கும். நாடாவுக்கு மேலே உப்பல், கீழே இடுக்கு. நாடாவைப் பின்பக்கமாகக் கீறி எடுத்தால் தேறிவிடும். நாடா எப்போதோ எடுத்தாகிவிட்டது, இருந்தும் உப்பல் கூடிக்கொண்டே போகிறது, ஒருநாள் காற்றில் சந்திப்பில் கத்தியால் வெட்டியதுபோல் வழவழவென்று முறிகிறது என்றால் அது வேறு. இரண்டு செடிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. பேரிக்காயில் சில ரகங்களைச் சீமைமாதுளை வேர்ச்செடியில் நேரடியாக ஒட்டினால் இப்படி ஆவது பாட நூல் உதாரணம். இரண்டோடும் ஒத்துப்போகும் ஒரு ரகத்தை இடைத்தண்டாக நடுவில் வைத்துத்தான் அங்கே சமாளிக்கிறார்கள்.

கீழிருந்து வரும் துளிரை மாவில் இலையைப் பார்த்துப் பிரித்தறிவது கஷ்டம், இரண்டும் மாதான். சந்திப்புத் தழும்பைத் தேடி, அதற்குக் கீழே கிளம்புவது எதுவானாலும் கிள்ளிவிட வேண்டும். சப்போட்டாவில் சுலபம்: பாலா இலையின் நுனி உள்ளே குழிந்து பிளவுபட்டிருக்கும். சாத்துக்குடி நாற்றில் மூன்று இலையாகப் பிரிந்த துளிர் வந்தால் வேர்ச்செடி மூவிலை ஆரஞ்சு, துளிரும் அதனுடையது. ஒரு தடவை மாதிரிச் செடியாக வைத்திருந்த தொட்டியில், செழிப்பாக நின்றது முழுக்கப் பாலாத்தான். ஒட்டிய கிளை எப்போதோ காய்ந்து, அதன் கட்டை ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "நன்றாகப் பிடித்த சப்போட்டா ஒட்டு" என்று எட்டுப் பேர் எழுதினார்கள். ஒன்பதாவதாக வந்த பையன் மட்டும் ஒரு இலையைப் பறித்து நுனியைத் தடவிப் பார்த்தான்.